ஒரே ஒரு பாக்கெட் ஃபாஸ்ஃபோமைசின்: யாருக்குப் போதும், யாருக்குப் போதாது

கேள்வி: வயது 36, கும்பகோணம் பக்கம் கிராமம். நாலு நாளாக நீர்க்கடுப்பு, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, காய்ச்சல் இல்லை. சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஈ.கோலை என்று வந்திருக்கிறது. சிப்ரோ, செஃபிக்சிம் இரண்டுக்கும் ஆர், அதாவது கிருமி அடங்காது. நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டுக்கும் எஸ், அதாவது அடங்கும். டாக்டர் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பவுடர் ஒரே ஒரு பாக்கெட் எழுதினார். மெடிக்கலில் இருப்பவர், "ஒரு வேளை மருந்து எப்படிம்மா கேட்கும், அஞ்சு நாள் மாத்திரைதான் சரி" என்கிறார். எது சரி? அம்மாவுக்கும் (61, சர்க்கரை, பி.பி., கிரியேட்டினின் 1.4) எரிச்சல் இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் லேசாக. அவர்களுக்கும் இதையே வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்:

உங்களுக்கு அந்த ஒரு பாக்கெட் பொருத்தமான மருந்துதான், தைரியமாகக் குடியுங்கள். அம்மாவுக்கு ஒருவேளை ஆகும், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மெடிக்கல்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதையும் பின்னால் சொல்கிறேன். நான் மயிலாடுதுறைப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவள். இதே கேள்வியை வாரத்தில் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வேளை மருந்து எப்படிக் கேட்கும் என்ற சந்தேகம் நியாயமானது. காய்ச்சலுக்கோ சளிக்கோ கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் சுற்றி வேலை செய்ய வேண்டும், சில மணி நேரத்தில் அளவு குறைந்துவிடும், அதனால் வேளை தவறாமல் போடச் சொல்கிறோம். ஃபாஸ்ஃபோமைசினின் போக்கு வேறு. குடித்த 3 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே சிறுநீரில் வந்து சேர்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிறுநீரில் திரள்கிறது. கிருமியைக் கொல்லத் தேவையான அளவுக்கு மேலேயே ஒன்றரை, இரண்டு நாள் நிற்கிறது. அதாவது பாக்கெட்தான் ஒன்று, மூத்திரப்பைக்குள் நடக்கும் சிகிச்சை இரண்டு நாள்.

இதே காரணம்தான் இதன் எல்லையையும் சொல்கிறது. சிறுநீரில் இவ்வளவு திரளும் மருந்து சிறுநீரகத்தின் சதையிலும் ரத்தத்திலும் போதுமான அளவு சேர்வதில்லை. அதனால் கிருமி மூத்திரப்பையோடு நிற்கும்வரைதான் இந்தப் பாக்கெட் உதவும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் முதுகில் ஒரு பக்கமாக வலி, வாந்தி, இவற்றில் ஒன்று வந்தால்கூடக் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நிலையில் நைட்ரோஃபியூரன்டாயினும் உதவாது, அதற்கும் இதே குறை உண்டு. உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகு வலியும் இல்லை என்றால் நீங்கள் இந்த மருந்துக்கு அளவெடுத்த ஆள்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்ப்போம். ஈ.கோலை என்பது குடலில் சாதாரணமாக இருக்கும் கிருமி. பெண்களுக்கு வரும் மூத்திரப்பைத் தொற்றில் பெரும்பாலும் இதுதான் காரணம். செஃபிக்சிமுக்கு ஆர் போட்டிருக்கிறது என்றால், அந்த வகை மருந்தை வெட்டிப் போடும் நொதி ஒன்றை உங்கள் கிருமி வைத்திருக்கக்கூடும். ரிப்போர்ட்டின் அடியில் அந்த நொதியைக் குறிக்கும் ஈ.எஸ்.பி.எல். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் பயப்பட வேண்டாம், நம் நாட்டில் அது இப்போது சர்வ சாதாரணம். பெனிசிலின், செஃபிக்சிம் போன்றவை கிருமியின் சுவர் கட்டும் வேலையில் கடைசிக் கட்டத்தைத் தடுக்கின்றன. ஃபாஸ்ஃபோமைசின் அதே சுவருக்கான முதல் படியையே தடுக்கிறது. அமைப்பிலும் அது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதனால் அந்த நொதியால் இதைத் தொட முடிவதில்லை. 1969-இல் ஸ்பெயின் நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து கண்டுபிடித்த பழைய மருந்து இது. நம் நாட்டில் வெகுகாலம் அதிகம் புழங்காததால், பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். திரட்டும் கணக்கில்கூட சிறுநீர் ஈ.கோலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இதற்கு இன்னும் அடங்குகிறது. சிப்ரோவுக்கு அங்கே பாதிக்கு மேல் அடங்குவதில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், லேப் ரிப்போர்ட் கையில் வைத்திருக்கிற எல்லோருக்கும் பயன்படும். ஃபாஸ்ஃபோமைசினுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ் என்ற எழுத்தை, கிருமி ஈ.கோலையாக இருந்தால் நம்பலாம். க்ளெப்சியெல்லா என்று வந்திருந்தால் அதே எஸ்ஸை அப்படி நம்ப முடியாது. அந்தக் கிருமியின் மரபணுவிலேயே இந்த மருந்தை முடக்கும் நொதி ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. லேப்பில் கிருமி வளர்க்கும் தட்டில், மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் நன்றாகத் தெரிந்தாலும் உடம்பில் மருந்து ஏமாற்றிவிடலாம். லேப்பில் அளவு பார்க்கும் வட்டக் கணக்கே முதன்மையாக ஈ.கோலைக்காக வகுத்ததுதான். அதனால் ரிப்போர்ட்டில் முதலில் கிருமியின் பெயரைப் படியுங்கள், அப்புறம் எழுத்துக்கு வாருங்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி வந்தாலும் இந்தப் பாக்கெட்டைச் சொந்தமாக வாங்கிக் குடிக்கிற வேலை வேண்டாம்.

இனி மெடிக்கல்காரரின் பேச்சு. 2018-இல் வந்த ஓர் ஆய்வில், சுவிட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேல் மூன்று நாடுகளிலும் சேர்த்து ஐந்நூறு பெண்களுக்குச் சற்று மேல் எடுத்து, பாதிப் பேருக்கு நைட்ரோஃபியூரன்டாயின் 100 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒரே ஒரு ஃபாஸ்ஃபோமைசின் பாக்கெட். இருபத்தெட்டாம் நாள் பார்த்தபோது, தொந்தரவு முழுதாகப் போய்த் திரும்ப வராதவர்கள் மாத்திரைப் பக்கம் நூற்றுக்கு 70 பேர், பாக்கெட் பக்கம் 58 பேர். ஆக, ஐந்து நாள் மாத்திரைக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருப்பது நிஜம். அதற்கு முந்தைய ஆய்வுகளில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்திருந்தன. நம் ஊரில் நைட்ரோஃபியூரன்டாயினை மெதுவாகக் கரையும் வடிவத்தில் தினம் இரண்டு வேளை கொடுக்கிறோம் என்பதும் ஒரு வித்தியாசம்.

இதை வைத்து நான் எடுத்த முடிவு இது. கிட்னி நன்றாக இருக்கிற, சாப்பாட்டோடு மாத்திரையை ஐந்து நாளும் தவறாமல் போடக்கூடிய பெண்ணுக்கு என் முதல் தேர்வு நைட்ரோஃபியூரன்டாயின். அதில் ஏதாவது ஒன்று இடித்தால் பாக்கெட். ஆனால் அந்த 'ஏதாவது ஒன்று' நம் பக்கத்தில் அடிக்கடி இடிக்கிறது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்; சாப்பாட்டோடு போட்டால்தான் சரியாகவும் சேரும். குறுவை நடவு நேரத்தில் விடியற்காலையில் ஒரு வாய் நீராகாரம் குடித்துவிட்டு வயலில் இறங்குகிறவர்களிடம் காலை, இரவு என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால், எரிச்சல் அடங்கிய மூன்றாம் நாளே மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆய்வில் மாத்திரை எடுத்த பெண்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். நம் வீட்டு அலமாரியை யார் கவனிக்கிறார்கள்? பாதியில் நிறுத்திய ஐந்து நாள் மாத்திரையைவிட, கண்முன்னால் குடித்து முடித்த ஒரு பாக்கெட் மேல் என்பது என் அபிப்பிராயம். உங்கள் டாக்டரும் அப்படி யோசித்திருக்கலாம். நீங்கள் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர், கிட்னி சரியாக இருக்கிறது என்றால், அவரிடமே "ஐந்து நாள் மாத்திரை போடட்டுமா" என்று கேட்பதிலும் தப்பில்லை. இரண்டும் சரியான வழிதான். இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் தப்பு.

மற்ற மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. சிப்ரோ, நார்ஃபிளாக்ஸ், ஆஃப்லாக்ஸ் குடும்பம் ஒரு காலத்தில் நீர்க்கடுப்பு என்று வாய் திறந்தாலே கையில் கிடைத்தது. இப்போது பெரும்பாலான ஈ.கோலை அதற்கு மசிவதில்லை. தசைநாண் வீங்குவது, அறுவது, நரம்பு பாதிக்கப்படுவது போன்ற பின்விளைவுகளுக்காக, வேறு மருந்து இருக்கும்போது சாதாரண மூத்திரப்பைத் தொற்றுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2016-லேயே எச்சரித்துவிட்டது. செஃபிக்சிம் நம் ஊரில் அளவுக்கு மீறிப் புழங்கிப் புழங்கியே மழுங்கிவிட்டது. ஃபாரோபெனெம் என்று ஒரு விலை உயர்ந்த மாத்திரையைச் சிலர் எழுதுகிறார்கள். பாக்கெட்டோ நைட்ரோஃபியூரன்டாயினோ கேட்கும் கிருமிக்கு அதைத் தொட வேண்டியதே இல்லை. கோட்ரைமாக்சசோல் கதை வேறு. மலிவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும், பெரியவர்களுக்கு இரட்டை வலு மாத்திரை காலை ஒன்று மாலை ஒன்று என்று மூன்றே நாள். கல்ச்சரில் எஸ் வந்திருந்தால், சல்ஃபா அலர்ஜி இல்லாத பெண்ணுக்கு மிக நல்ல மருந்து. கல்ச்சர் பார்க்காமல் கொடுப்பதற்கு மட்டும் லாயக்கில்லை, எதிர்ப்பு அவ்வளவு பெருகிவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் அதற்கு என்ன போட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

பாக்கெட்டைக் குடிக்கும் விதத்துக்கு வருகிறேன். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு வேளை மருந்து என்பதால், அந்த ஒரு வேளை சரியாக அமைய வேண்டும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு, மூன்று மணி நேரம் போகட்டும். வயிறு நிறைந்திருந்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். படுக்கப் போவதற்கு முன்னால் பாத்ரூம் போய்ப் பையைக் காலி செய்துவிட்டு வாருங்கள். எவர்சில்வர் டம்ளரில் அரை டம்ளர், அதாவது சுமார் 100 மில்லி, ஆறிய குடிதண்ணீர் எடுத்து, பாக்கெட்டைக் கிழித்து மொத்தத்தையும் கொட்டி ஸ்பூனால் கலக்குங்கள். ரவை மாதிரி இருக்கிற துகள் கரைந்துவிடும். ஆரஞ்சு வாசனை வரும், இனிப்பாக இருக்கும். கரைந்த உடனே குடியுங்கள். அடியில் ஒட்டியிருப்பதை இன்னொரு வாய்த் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடியுங்கள். வெந்நீரில் கலக்கக் கூடாது. மோரிலோ காப்பியிலோ கலப்பதும் வேண்டாம். பவுடரை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளவும் கூடாது.

அப்புறம் படுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க மருந்து கலந்த நீர் பைக்குள் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. நீர்க்கடுப்பு என்றாலே ஒரு குடம் தண்ணீர் குடி, இளநீர் குடி, பார்லித் தண்ணீர் குடி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பகலில் குடிப்பது நல்லதுதான். மருந்து குடித்த அன்று ராத்திரி மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்துப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போவது, வயலுக்கு உரம் போட்டுவிட்டு மடையைத் திறந்துவிடுவது போலத்தான். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

மறுநாள் காலை எழுந்ததும் எரிச்சல் அப்படியே இருக்கும். பலர் இங்கேதான் மனசு விட்டுப்போய், "டாக்டர், கேட்கவில்லை, இன்னொரு பாக்கெட் வாங்கட்டுமா" என்று போன் போடுகிறார்கள். வேண்டாம். கிருமி செத்தாலும் புண்பட்ட பையின் உள்தோல் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில்தான் தெளிவாகக் குறையும். அதற்கிடையில் வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். சாதாரணத் தொற்றில் அடுத்தடுத்த நாள் இன்னொரு பாக்கெட் குடிப்பதால் குணம் கூடுவதில்லை, வயிற்றுப்போக்குதான் கூடும். ஒரு பாக்கெட்டுக்கே சிலருக்கு ஓரிரு நாள் வயிறு இளகிப் போகும், கொஞ்சம் குமட்டும், தலை வலிக்கும், தானே சரியாகிவிடும். பல மருந்துக்கு அடங்காத கிருமி, கொஞ்சம் சிக்கலான ஆள் என்றால் நாங்களே இரண்டு, மூன்று நாள் இடைவெளி விட்டு மொத்தம் மூன்று பாக்கெட் கொடுப்பதுண்டு. அது நோயாளியைப் பார்த்து டாக்டர் எடுக்கும் முடிவு, மெடிக்கலில் நின்றுகொண்டு எடுப்பதல்ல.

மூன்று முழு நாள் கழித்தும் மாற்றமே இல்லை, அல்லது குறைந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி வந்துவிட்டது என்றால், திரும்பக் கல்ச்சர் கொடுக்க வேண்டும். முழுதாகச் சரியாகிவிட்டால் 'கிருமி போய்விட்டதா' என்று பார்ப்பதற்காகக் கல்ச்சர் தேவையில்லை. தொந்தரவே இல்லாதவருக்குக் கல்ச்சரில் கிருமி தெரிவதும் உண்டு, கர்ப்பிணி அல்லாதவருக்கு அதற்குப் பொதுவாக மருந்தும் தேவையில்லை.

ஒருவேளை மெடிக்கலில் எரிச்சலுக்கென்று ஒரு சிவப்பு சிரப்பும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் சிரப். கிருமியைக் கொல்லாது. சிலருக்கு எரிச்சல் கொஞ்சம் அடங்கியது போல இருக்கும். ஆனால் நைட்ரோஃபியூரன்டாயின் புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவது நம் பக்கத்தில் பழக்கமாகிவிட்டது, எனக்கு அது பிடிப்பதில்லை. மாத்திரைக்கு மாறினால் அந்த சிரப்பை நிறுத்திவிடுங்கள்.

இப்போது அம்மா. முதலில் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: எரிச்சல் நீர் போகும்போது உள்ளே வருகிறதா, அல்லது வெளித்தோலில் நீர் படும்போது காந்துகிறதா? அரிப்பு இருக்கிறதா, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை படுகிறதா? அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த பிறகு இவை நிறையப் பேருக்கு எழுதப்படுகின்றன, நல்ல மாத்திரைகள்தான். ஆனால் அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் அந்த இடத்தில் பூஞ்சை வளரும். அதுவும் எரிச்சல்தான். அதற்குப் பூஞ்சைக்கான மருந்து வேண்டும்; இந்தப் பாக்கெட்டோ வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கோ கொடுத்தால் அரிப்பு இன்னும் மோசமாகலாம். நம் பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் 'நீர்க்கடுப்பு' என்றே சொல்லிவிடுவார்கள். ஆண் டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். மகள் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்பது. 61 வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.4 என்றால், கிட்னி வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கில் சுமார் 43 வரும். நைட்ரோஃபியூரன்டாயினுக்கு இது எல்லைக்கோட்டில் இருக்கிற எண். முப்பதுக்குக் கீழே போனால் அந்த மாத்திரை கூடவே கூடாது. முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் சிலர் குறுகிய காலத்துக்குக் கொடுப்பார்கள், சிலர் தவிர்ப்பார்கள். கிட்னி வடிகட்டினால்தானே மருந்து பைக்கு வந்து சேரும். கோட்ரைமாக்சசோல் என்றால் வேறு சிக்கல்: அம்மா போடும் பி.பி. மாத்திரை டெல்மிசார்டன், எனலாப்ரில் மாதிரி வகையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், அதுவும் இந்தக் கிட்னியில். ஆகவே தொற்று மூத்திரப்பையோடுதான் நிற்கிறது, காய்ச்சல் இல்லை என்று உறுதியானால், இப்படிப்பட்டவருக்கு ஃபாஸ்ஃபோமைசின் பாக்கெட்தான் முதலில் என் கைக்கு வரும். அதுவும் கிட்னி நன்றாகக் கெட்டுப்போனவருக்குச் சிறுநீரில் குறைவாகவே சேரும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இது கிடையாது. 43 என்பது அந்த அளவுக்கு இல்லை. பாக்கெட்டில் சர்க்கரை கலந்திருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு கிராம் சொச்சம், அரை ஸ்பூன் அளவுதான்.

ஆனால் அம்மாவுக்குக் கல்ச்சர் கொடுக்காமல் பாக்கெட் கொடுக்கக் கூடாது. சர்க்கரை இருப்பவர்களுக்கு க்ளெப்சியெல்லா மாதிரி வேறு கிருமி வருவதும், சத்தமில்லாமல் கிட்னிக்கு ஏறுவதும் மற்றவர்களைவிட அதிகம். வாந்திக்காக மெட்டோகுளோப்ரமைட் மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது இந்த மருந்து சிறுநீரில் சேரும் அளவைக் குறைத்துவிடும். இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும்.

கல்ச்சர் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம். காலையில் சுத்தமாகக் கழுவிவிட்டு, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் கொடுத்த டப்பாவில் பிடிக்க வேண்டும். பிடித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் லேப்பில் இருக்க வேண்டும். திருப்பனந்தாளில் பிடித்து, பையில் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, கும்பகோணத்தில் இறங்கி, வெயிலில் நடந்து கொடுத்தால், டப்பாவுக்குள் கொஞ்சமாக இருந்த கிருமி பல மடங்கு பெருகியிருக்கும். ரிப்போர்ட் பயமுறுத்தும், விஷயம் ஒன்றும் இருக்காது. முடிந்தால் லேப்புக்குப் போய் அங்கேயே பிடித்துக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் 'பலவகைக் கிருமிகள் கலந்துள்ளன' என்று வந்தால் பிடித்த விதம் சரியில்லை என்று அர்த்தம், மறுபடி கொடுக்க வேண்டும். எதுவானாலும் மருந்தின் முதல் வாய்க்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர் விஷயம். மூத்திரப்பைத் தொற்று உங்களிடமிருந்து அவருக்கு ஒட்டிக்கொள்வதில்லை, அதனால் 'எனக்கு வந்தது அவருக்கும்' என்று சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். ஆண்களுக்கு இந்தத் தொற்று வந்தால் புரோஸ்டேட் சுரப்பியும் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று பார்க்க வேண்டும். அங்கே ஒரு பாக்கெட் போய் வேலையை முடிக்காது. ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் இந்த மருந்தை மறுபரிசீலனை செய்தபோதும், ஒரு பாக்கெட் சிகிச்சையைப் பெண்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கும் என்றுதான் வைத்தது. ஆண்களுக்கு புரோஸ்டேட்டில் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு முன்னால் தடுப்பாகக் கொடுப்பதோடு சரி. அவருக்குக் கல்ச்சர், தேவைப்பட்டால் ஸ்கேன், அப்புறம் குறைந்தது ஒரு வாரச் சிகிச்சை என்று போகும். நாற்பது டிகிரி வெயிலில் நாள் முழுக்கக் கதிர் அறுவடையில் நின்றுவிட்டு வந்து மஞ்சளாக, சுருக்கென்று போகிறது என்றால், அது வெறும் நீர்ச்சுருக்காகவும் இருக்கலாம். இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர், நீர்மோர் குடித்தும் தீரவில்லை என்றால், அல்லது நீர் போகும் வழியில் சீழ் மாதிரி ஏதாவது வந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கிற யாராவது இருப்பார்கள். கர்ப்ப காலத்தில் பாக்கெட் கொடுக்கலாம். நைட்ரோஃபியூரன்டாயினைப் பிரசவத்தை ஒட்டிய கடைசி வாரங்களில் நிறுத்திவிடுவோம். பாக்கெட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கு எரிச்சல் போனால் போதாது, ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கல்ச்சர் மறுபடி பார்த்துக் கிருமி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பால் கொடுக்கிற தாய்க்கும் ஒரு பாக்கெட்டில் பிரச்சினை இல்லை.

விலை கொஞ்சம் உறுத்தும். பாக்கெட் ஒன்று நூற்றுக்கணக்கில் போகிறது, பத்து நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரை அதைவிட மலிவு. எல்லா மெடிக்கலிலும் இருப்பு இருக்காது. கிராமத்தில் கிடைக்கவில்லை என்றால் கும்பகோணத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளை ஒட்டிய கடைகளில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காக 'இதுவும் அதே மாதிரிதான்' என்று வேறு ஏதாவது கொடுத்தால், முதலில் உங்கள் ரிப்போர்ட்டில் அந்தப் பெயருக்கு நேராக என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். செஃபிக்சிம் என்றால் உங்களுக்கு அது ஆர்.

ஆக, இன்றைக்கு ராத்திரி நீங்கள் உங்கள் பாக்கெட்டைக் குடியுங்கள். நாளைக் காலை அம்மாவைச் சாப்பாட்டுக்கு முன்னால் லேப்புக்கு அழைத்துப் போய், சிறுநீர்க் கல்ச்சரோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை, கிரியேட்டினின் மூன்றையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கல்ச்சர் வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சலோ குளிரோ வாந்தியோ வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு.